இருட்டாகத் தெரிவதெல்லாம் வெள்ளமா?

2018 ஆகஸ்ட் 15 முதல் 17 வரை கேரளத்தில் பெய்த மழையில் பம்பை, பெரியாறு, சாலக்குடி ஆறு எல்லாம் ஒரே சமயத்தில் கரை கடந்தன. நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எந்த ஊர் மூழ்கியது, எது தப்பியது, படகுகளை எங்கே அனுப்புவது என்று மேலிருந்து பார்த்துச் சொல்ல வழியில்லை. சாதாரணச் செயற்கைக்கோள் படமெடுக்க வெயிலும் வேண்டும், தெளிந்த வானமும் வேண்டும். மழைக்காலத்து வானம் அந்த இரண்டையும் தராது. அந்த நாட்களில் எடுத்த ஒளிப்படங்களில் பெரும்பகுதி வெறும் வெள்ளை மேகம்தான்.

மேகத்தைத் தாண்டிப் பார்ப்பது ரேடார். ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-1 செயற்கைக்கோள் சுமார் 693 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றிவருகிறது. தானே நுண்ணலையைக் கீழே அனுப்பி, மோதித் திரும்பி வருவதைக் கொண்டு படம் வரைகிறது. அந்த அலையின் நீளம் ஏறக்குறைய ஐந்தரை சென்டிமீட்டர். மேகத்தின் நீர்த்துளிகள் அதற்கு மிகச் சிறியவை என்பதால் அலை தடையின்றி கடந்துவிடுகிறது. இரவும் பகலும் அதற்கு ஒன்றுதான். 2018 வெள்ளத்தை ஆராய்ந்த பலர் இந்தச் செயற்கைக்கோள் ஆகஸ்ட் 21 அன்று எடுத்த படத்தைத்தான் அடிப்படையாக வைத்துக்கொண்டார்கள். அந்தப் படத்திலிருந்து வெள்ளப் பரப்பைப் பிரித்தெடுக்கும் முறை கேட்க மிக எளிது. படத்தில் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருண்டிருப்பதெல்லாம் தண்ணீர் என்று எடுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அந்த அளவை எப்படி முடிவு செய்கிறார்கள், அது எங்கே கைவிடுகிறது என்பதை ஆலப்புழை மாவட்டத்தைச் சுற்றியுள்ள குட்டநாட்டை வைத்துப் பார்க்கலாம்.

தண்ணீர் ஏன் இருட்டாகத் தெரிகிறது? இந்த ரேடார் நேர் கீழே பார்ப்பதில்லை, பக்கவாட்டில் சாய்ந்து பார்க்கிறது. இருட்டறையில் சுவரில் ஒரு கண்ணாடி மாட்டியிருக்கிறது, நாம் ஓரமாக நின்று டார்ச் அடிக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவர் வெளிச்சமாகத் தெரியும். கண்ணாடி கறுப்பாகத் தெரியும், ஏனென்றால் அதில் பட்ட ஒளி முழுவதும் எதிர்ப்பக்கம் போய்விடுகிறது. அசையாத நீர்ப்பரப்பில் பட்ட ரேடார் அலையும் அப்படித்தான் விலகிப் போகிறது. கட்டாந்தரை, புல், செடிகொடி, மரம் எல்லாம் அலையை நாலாபக்கமும் சிதறடிப்பதால் அதில் ஒரு பங்கு செயற்கைக்கோளுக்கே திரும்புகிறது. இப்படித் திரும்பி வருவதைப் பின்சிதறல் என்கிறார்கள்.

ஒரு பரப்பு வழவழப்பா, சொரசொரப்பா என்பது பார்க்கும் அலையைப் பொறுத்தது. ஐந்தரை சென்டிமீட்டர் அலைக்கு, மேடுபள்ளம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டருக்குள் இருந்தால் அது வழவழப்பான பரப்பு. இந்த ஒரு சென்டிமீட்டரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் குழப்பங்களில் பாதி இதிலிருந்துதான் பிறக்கிறது.

பின்சிதறலை டெசிபலில் சொல்வது வழக்கம். மைனஸ் 10 டெசிபல் என்றால் அளவுகோலில் பத்தில் ஒரு பங்கு திரும்பியது என்று பொருள். மைனஸ் 20 என்றால் நூறில் ஒரு பங்கு. பயிரோ புல்லோ நிறைந்த தரை பெரும்பாலும் மைனஸ் 7 முதல் மைனஸ் 12 வரை காட்டும். அசையாத தண்ணீர் மைனஸ் 18, மைனஸ் 20, சில சமயம் அதற்கும் கீழே இறங்கும். தரைக்கும் தண்ணீருக்கும் இடையே பத்து மடங்கு வித்தியாசம் இருப்பதால்தான் ஒரே ஓர் எண்ணை வைத்து இரண்டையும் பிரிக்கத் துணிகிறார்கள்.

அந்த எண்ணைப் புத்தகத்தில் பார்த்து எழுதிவிட முடியாது. முதலில் படத்தைச் சீர்செய்ய வேண்டும். கருவியின் சொந்த இரைச்சலை நீக்கி, ஒவ்வொரு பிக்சலின் மதிப்பையும் உண்மையான பின்சிதறலாக மாற்றி, மலைமேடுகளால் இடம் பெயர்ந்து தெரிவதைத் திருத்தி, வரைபடத்தில் சரியான இடத்தில் உட்கார வைக்கிறார்கள். ரேடார் படம் எப்போதும் புள்ளி புள்ளியாகத்தான் இருக்கும். ஒரே வயலுக்குள் ஒரு பிக்சல் வெளிச்சமாகவும் பக்கத்துப் பிக்சல் இருட்டாகவும் தெரியும். அதனால் அக்கம்பக்கத்துப் பிக்சல்களைச் சேர்த்துச் சராசரி எடுத்துச் சமப்படுத்துகிறார்கள். ஒரு பிக்சல் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர், அதாவது நூறு பிக்சல் சேர்ந்தால் ஒரு ஹெக்டேர்.

பிறகு, எந்த மதிப்பில் எத்தனை பிக்சல் இருக்கிறது என்று ஒரு வரைபடம் போட்டுப் பார்ப்பார்கள். குட்டநாட்டையும் அதை ஒட்டிய வேம்பநாட்டுக் காயலையும் மட்டும் வெட்டி எடுத்துப் போட்டால் அதில் இரண்டு குன்றுகள் எழும். ஒன்று தரை, மைனஸ் 9-ஐ ஒட்டி உச்சி இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். மற்றது தண்ணீர், மைனஸ் 20-ஐ ஒட்டி. இரண்டுக்கும் இடையே மைனஸ் 15, 16 அருகில் ஒரு பள்ளத்தாக்கு விழும். வரம்பு எண் இருக்க வேண்டிய இடம் அந்தப் பள்ளத்தாக்குதான். அதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல் கணக்கால் கண்டுபிடிக்க ஜப்பானியர் நொபுயுகி ஓட்சு 1979-இல் எழுதிய முறை இன்றும் நடைமுறையில் இருக்கிறது. படத்தை எந்த எண்ணில் வெட்டினால் இரண்டு கூட்டங்களின் சராசரிகளும் அதிகபட்சம் விலகி நிற்கின்றன என்று எல்லா எண்களையும் போட்டுப் பார்த்து, சிறந்ததைத் தேர்ந்தெடுக்கிறது அந்த முறை.

ஆனால் ஓட்சு முறை எந்தப் படத்தைக் கொடுத்தாலும் ஓர் எண்ணைத் தந்துவிடும், அங்கே தண்ணீரே இல்லாவிட்டாலும்கூட. கேரளம் முழுவதையும் ஒரே படமாகக் கொடுத்தால், மொத்தப் பரப்பில் தண்ணீரின் பங்கு மிகச் சிறியது என்பதால் இரண்டாவது குன்று கண்ணுக்கே தெரியாது. கணக்கு அப்போது தண்ணீரை விட்டுவிட்டு, மரக்காட்டையும் வெறும் வயலையும் பிரிக்கும் எண்ணைக் கொண்டுவந்து கொடுக்கும். வரைபடத்தில் பாதி மாவட்டம் நீலமாகிவிடும். இதைத் தெரிந்தவர்கள் படத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, இரண்டு குன்று தெளிவாகத் தெரியும் கட்டங்களில் மட்டும் எண்ணைக் கணக்கிட்டு, அதை மற்ற இடங்களுக்குக் கொண்டுபோகிறார்கள். அப்படிக் கொண்டுபோவதிலும் ஒரு சிக்கல் உண்டு. சென்டினல் ஒரே வீச்சில் 250 கிலோமீட்டர் அகலத்தைப் படமெடுக்கிறது. ஒரு விளிம்பில் 29 பாகை சாய்வில் பார்ப்பது மறு விளிம்பில் 46 பாகை ஆகிவிடுகிறது. சாய்வு கூடக் கூட எல்லாமே சற்று இருண்டு தெரியும். ஒரு விளிம்பில் சரியாக இருந்த எண் மறு விளிம்பில் சரியாக இருக்கும் என்று நம்பிவிட முடியாது.

கிடைத்த எண் நம்பத் தக்கதா என்று பார்க்க ஒரு நல்ல சோதனை இருக்கிறது. அதை ஒரு டெசிபல் மேலே நகர்த்தி ஒரு முறையும், ஒரு டெசிபல் கீழே நகர்த்தி ஒரு முறையும் வெள்ளப் பரப்பைக் கணக்கிட வேண்டும். பரப்பு அதிகம் மாறவில்லை என்றால் பள்ளத்தாக்கு ஆழமானது, எண் நிலையானது. ஒரு டெசிபலுக்கே பரப்பு தாறுமாறாகத் துள்ளினால், அந்த வரைபடத்தை வெளியே கொடுக்கக் கூடாது என்பது என் கருத்து. வெளியாகும் வரைபடங்களோடு இந்தச் சோதனையின் முடிவையும் சேர்த்தே போட வேண்டும்.

இவ்வளவும் முடித்தால் கையில் கிடைப்பது தண்ணீரின் வரைபடம். வெள்ளத்தின் வரைபடம் இன்னும் வரவில்லை. காயலும் ஆறும் எப்போதும் தண்ணீர்தான், அவற்றைக் கழிக்க வேண்டும். அதற்கு ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆராய்ச்சி மையம் தயாரித்த உலக நீர்ப்பரப்பு வரைபடம் கைகொடுக்கிறது. 1984 முதல் எடுத்த லேண்ட்சாட் படங்களைக் கொண்டு, எந்த இடத்தில் எவ்வளவு காலம் தண்ணீர் நின்றது என்று அது சொல்லும். காயல் சுலபமாகக் கழிந்துவிடும். வயல்தான் பாடாய்ப் படுத்தும்.

குட்டநாட்டின் வயல்கள் பல இடங்களில் கடல் மட்டத்துக்கும் கீழே இருப்பவை. பம்பை, மணிமலை, மீனச்சில், அச்சன்கோவில் ஆறுகள் கொண்டுவரும் தண்ணீர் இந்தத் தாழ்நிலத்தைச் சுற்றித்தான் போகிறது. வயல்களை வரப்பு கட்டிச் சூழ்ந்து பாடசேகரங்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். விதைக்கும் முன் உள்ளே நிற்கும் தண்ணீரை 'பெட்டியும் பறையும்' என்று அங்கே சொல்லும் பம்பு வைத்து வெளியே இறைப்பார்கள். முக்கியப் பட்டம் அக்டோபர், நவம்பரில் தொடங்கி பிப்ரவரி, மார்ச் வாக்கில் அறுவடையாகும். அறுத்தபின் பல பாடசேகரங்களில் தண்ணீரை உள்ளே விட்டுவிடுவார்கள். சிலவற்றில் மட்டும் மழைக்காலத்தில் இரண்டாம் பயிர் நிற்கும். ஆக, ஜூன், ஜூலையில் குட்டநாட்டில் தண்ணீர் நிற்கும் வயல் என்றால் அது வெள்ளமாகவும் இருக்கலாம், விவசாயியே விட்ட தண்ணீராகவும் இருக்கலாம். ரேடாருக்கு இரண்டும் ஒரே இருட்டு.

இதனால் வெள்ளத்துக்கு முந்தைய படமாக எதை வைப்பது என்பது, வரம்பு எண்ணை விடப் பெரிய முடிவாகிவிடுகிறது. பிப்ரவரிப் படத்தை வைத்து ஆகஸ்ட் 21 படத்தோடு ஒப்பிட்டால், அன்று பச்சையாக இருந்த வயல் எல்லாம் இன்று இருட்டு. விவசாயி தானே தண்ணீர் விட்ட வயலும் வெள்ளக் கணக்கில் சேர்ந்து பரப்பு ஊதிவிடும். ஆகஸ்டு முதல் வாரத்துப் படத்தை வைத்தால் பிழை எதிர்த் திசையில் போகும். அந்த ஆண்டு ஜூலை நடுவிலேயே குட்டநாட்டில் ஒரு வெள்ளம் வந்துவிட்டது. அந்தத் தண்ணீர் முழுவதும் வடியாமல் கிடந்த வயல்கள் 'ஏற்கெனவே தண்ணீர்' என்று கழிந்துபோய், ஒரு மாதத்துக்கும் மேலாக நீரில் கிடந்தவனின் வயல் பாதிப்புப் பட்டியலிலிருந்தே விழுந்துவிடும். நியாயமான வழி, முந்தைய ஆண்டுகளில் இதே ஆகஸ்டில் எடுத்த பல படங்களை அடுக்கி, ஒவ்வொரு பிக்சலுக்கும் இடைநிலை மதிப்பை எடுத்து, அதோடு ஒப்பிடுவது. அப்போது வழக்கமாகத் தண்ணீர் நிற்கும் பாடசேகரம் தானாக ஒதுங்கும், இரண்டாம் பயிர் நின்ற பாடசேகரம் மூழ்கியிருந்தால் தனித்துத் தெரியும். அப்படியும் எது பயிர் வைத்த வயல் என்பதைக் கிருஷி பவன் பதிவேட்டோடு ஒத்துப் பார்க்காமல் நிவாரணத் தொகையைக் கணக்கிடுவது சரியாகாது.

முன்பின் படங்களை ஒப்பிடுவது ஏன் அவசியம் என்பதற்கு நெடும்பாசேரியில் உள்ள கொச்சி விமான நிலையம் நல்ல உதாரணம். வெள்ளம் புகுந்ததால் ஆகஸ்ட் 15 முதல் 29 வரை அது மூடிக் கிடந்தது. ஆனால் அதன் ஓடுபாதை வெள்ளமே இல்லாத நாளிலும் ரேடார் படத்தில் கறுப்பாகத்தான் இருக்கும். மேடுபள்ளம் ஒரு சென்டிமீட்டருக்குள் அடங்கிய பரப்பு அது. ஒரே படத்தில் வரம்பு எண்ணைப் போட்டால் ஆண்டு முழுவதும் அங்கே வெள்ளம் என்று வரும். முன்பின் ஒப்பிட்டால் மாற்றம் இல்லை என்று வரும், ஓடுபாதையில் மார்பளவு தண்ணீர் நின்றாலும். இரண்டுமே தவறு. அங்கே பார்க்க வேண்டியது ஓடுபாதையை ஒட்டிய புல்வெளியை. மைனஸ் 10-இல் இருந்த புல்வெளி மைனஸ் 20-க்கு இறங்கினால்தான் தண்ணீர் ஏறியிருக்கிறது என்று சொல்லலாம்.

காற்று இன்னொரு தொல்லை. தண்ணீரில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் அலை எழுந்தாலே அது ரேடாருக்குச் சொரசொரப்பாகிவிடும், பின்சிதறல் பல டெசிபல் ஏறி, நீர் நிலமாகத் தெரியும். இதைக் கண்டுபிடிக்க வேம்பநாட்டுக் காயலையே சாட்சியாக வைத்துக்கொள்ளலாம். அங்கே தண்ணீர் இருக்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அன்றைய படத்தில் காயல் மைனஸ் 20-க்குப் பதிலாக மைனஸ் 13 காட்டினால், அன்று காற்று அடித்திருக்கிறது, வயல்வெளியில் நிற்கும் வெள்ளமும் அப்படியே வெளிறியிருக்கும் என்று புரிந்துகொள்ள வேண்டும். சென்டினல் இரண்டு விதமாகப் பதிவு செய்கிறது. செங்குத்தாக அனுப்பி செங்குத்தாகவே வாங்குவது VV. செங்குத்தாக அனுப்பி கிடையாக வாங்குவது VH. காற்று VV-யைக் கலைக்கும் அளவுக்கு VH-ஐக் கலைப்பதில்லை. காற்றடித்த நாளில் VH பக்கம் போவது நல்லது.

மலைச்சரிவின் நிழலும் இருட்டுதான். இடுக்கி மலைகளின் மறுபக்கச் சரிவுக்கு அலை போய்ச் சேருவதே இல்லை. தண்ணீர் சரிவில் நிற்காது என்பதால், சரிவு ஐந்து சதவீதத்தைத் தாண்டிய இடங்களை வெட்டிவிட்டால் இது தீர்ந்துவிடும்.

இதுவரை சொன்னதில் பெரும்பாலானவை இல்லாத வெள்ளத்தை இருப்பதாகக் காட்டும் பிழைகள். கவலைப்பட வேண்டியது எதிர்ப்பக்கத்துப் பிழை: இருக்கும் வெள்ளத்தைக் காட்டாமல் விடுவது. ஊருக்குள் தண்ணீர் புகுந்தால் படம் இருள்வதில்லை. அலை தெருவில் நிற்கும் தண்ணீரில் பட்டுத் துள்ளி வீட்டுச் சுவரில் மோதி நேராகச் செயற்கைக்கோளுக்கே திரும்பிவிடும். ஏற்கெனவே வெளிச்சமாக இருந்த ஊர் இன்னும் வெளிச்சமாகும். இருட்டைத் தேடும் கணக்கு அதை வறண்ட நிலம் என்று எழுதும். தென்னந்தோப்பிலும் இதுதான் கதி. ஐந்தரை சென்டிமீட்டர் அலை ஓலையிலேயே சிதறித் திரும்பிவிடுகிறது, அடியில் நிற்கும் தண்ணீரை அது பார்ப்பதே இல்லை.

குட்டநாட்டில் இது வெறும் நுட்பப் பிரச்சினை அல்ல. அங்கே மக்களில் பலர் பாடசேகரத்தைச் சுற்றிய வரப்பின் மேல்தான் வீடு கட்டியிருக்கிறார்கள், தென்னை மரங்களுக்கு நடுவே, வரிசையாக. அந்த வரப்பு பல இடங்களில் சில மீட்டர் அகலம்தான். பத்து மீட்டர் பிக்சலில் அது பாதி, அதையும் அக்கம்பக்கத்தோடு சேர்த்துச் சராசரி எடுக்கும்போது கரைந்தே போகும். கரையாமல் தப்பிய இடத்தில் மரமும் வீடும் சேர்ந்து வெளிச்சமாக நிற்கும். ஆக, ஆள் இல்லாத வயல் மூழ்கியதை வரைபடம் துல்லியமாகக் காட்டும், ஆள் இருக்கும் வரப்பு மூழ்கியதைக் காட்டாது. வரைபடத்தில் நீலம் இல்லாத இடத்துக்குப் படகு வேண்டாம் என்று யாராவது முடிவெடுத்தால், அதைவிட மோசமான முடிவு இருக்க முடியாது. நீலத்தால் சூழப்பட்ட வெள்ளைக் கோடுகளுக்குத்தான் முதலில் படகு போக வேண்டும்.

இன்னொன்று நேரம். ஒரு சென்டினல் அதே பாதையில் அதே இடத்துக்குத் திரும்ப 12 நாளாகும். பெருமழை ஆகஸ்ட் 17 வரை, படம் 21 அன்று. மேட்டுப்பாங்கான ஆற்றங்கரை ஊர்களில் நான்கு நாளில் தண்ணீர் வடிந்துவிடும். பெரியாற்றங்கரையில் ஒரு வீட்டின் முதல் மாடியைத் தொட்ட தண்ணீர் 21-ஆம் தேதிப் படத்தில் இல்லாமல் போகலாம். குட்டநாட்டில் தண்ணீர் வடிய வழியில்லாமல் வாரக்கணக்கில் நின்றதால்தான் அது படத்தில் அவ்வளவு தெளிவாக விழுந்தது. அந்த வரைபடம் சொல்வது 21-ஆம் தேதி செயற்கைக்கோள் கடந்த நிமிடத்தில் திறந்த வெளியில் நின்ற தண்ணீரை மட்டுமே. எங்கெல்லாம் வெள்ளம் வந்து போனது என்று அதை வாசிப்பது தவறு.

நிலைமை மாறிக்கொண்டுதான் இருக்கிறது. இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய நைசார் செயற்கைக்கோளில் ஒரு ரேடாரின் அலைநீளம் 24 சென்டிமீட்டர். அது ஓலைக்கும் இலைக்கும் ஊடாகக் கீழே இறங்கும். மரத்தடியில் தண்ணீர் இருந்தால் தண்டிலும் நீரிலும் மோதித் திரும்பும் அலையால் அந்தத் தோப்பு வழக்கத்தைவிட வெளிச்சமாகும். அங்கே வரம்பு எண்ணைக் கீழே வைக்காமல் மேலே வைத்துத் தேட வேண்டும். தோப்பு வெள்ளத்துக்கு இது நல்ல செய்தி. தெருவெள்ளத்துக்கு இதுவும் முழு விடை ஆகாது.

எந்தச் செயற்கைக்கோள் வந்தாலும், வரம்பு எண் சரியா என்று சொல்ல இறுதியில் தரையிலிருந்து ஆதாரம் வேண்டும். ஆகவே ஆற்றோரமாகவோ தாழ்வான பகுதியிலோ இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தண்ணீர் வந்தால், உயிரும் உடைமையும் பத்திரமான பிறகு, வாசலில் நிற்கும் நீரைக் கைப்பேசியில் இருப்பிடப் பதிவோடு ஒரு படம் எடுங்கள். தண்ணீர் எப்போது ஏறியது, எப்போது வடிந்தது என்ற தேதியையும் நேரத்தையும் குறித்துவையுங்கள். வடிந்தபின் சுவரில் பதிந்த நீர்மட்டத்தைத் தரையிலிருந்து அளந்து எழுதி, ஊராட்சியிலோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ கொடுங்கள். வெள்ள வரைபடம் உங்கள் தெருவை விட்டுவிட்டது என்று நிரூபிக்க அதைத் தவிர வேறு வழி இப்போதைக்கு இல்லை.